சம்பளத்துக்கும் மாதத்துக்கும் ஏற்ப போனஸ்: உப்புவெளி விடுதி ஒன்றின் கணக்கு

"ஐயா, உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி ஒன்றை நானும் மனைவியும் நடத்துகிறோம். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். முகாமையாளருக்கு மாதம் 80,000 ரூபாய், சமையற்காரருக்கு 60,000, அறை சுத்தம் செய்யும் அக்காவுக்கு 35,000. இவர்கள் ஆண்டு முழுவதும் இருந்தவர்கள். வரவேற்பில் இருக்கும் தம்பிக்கு ஜூன் வரை 40,000, ஜூலையிலிருந்து 50,000. காவலாளி மார்ச்சில் வந்தார், 36,000. உதவிச் சமையற்காரர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மட்டும், 40,000. போனஸுக்கு இரண்டரை இலட்சம் ஒதுக்கியிருக்கிறோம். போன முறை சம்பளப்படி பிரித்து, ஆண்டு முழுவதும் இல்லாதவர்களுக்கு மாதக் கணக்கில் குறைத்தோம். பணம் மிஞ்சியது, அதை எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தோம். 'என் பங்கிலிருந்து உதவியாளுக்குப் போயிருக்கிறது' என்று சமையற்காரர் இன்னும் சொல்கிறார். அவர் சொல்வது நியாயமா? எப்படிப் பிரிப்பது சரி?"

சமையற்காரருக்குக் குறைந்தது உண்மை. உங்கள் இந்த ஆண்டுப் பட்டியலைப் போன முறை செய்த விதத்திலேயே போட்டுப் பார்த்தேன். அவருக்கு 2,100 ரூபாய்க்கு மேல் குறைகிறது. ஆனால் பெரிய தொகை அவர் நினைப்பதுபோல் உதவியாளிடம் போகவில்லை, வரவேற்பில் இருக்கும் தம்பியிடம் போகிறது. எல்லோரையும்விட அதிகமாக இழப்பவர் முகாமையாளர். சரியான கணக்கை முதலில் போட்டால் இவை தாமே விளங்கும்.

சம்பளம் இரு மடங்கானால் போனஸும் இரு மடங்காக வேண்டும். மாதம் இரு மடங்கானாலும் அப்படியே. ஒரு பங்கு இரண்டு விடயங்களுக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டுமென்றால் அந்த இரண்டையும் பெருக்க வேண்டும். கூட்டுவதோ, ஒன்றால் பிரித்துவிட்டு மற்றதால் குறைப்பதோ அந்த விகிதத்தைத் தராது. மாதச் சம்பளத்தை மாதத்தால் பெருக்கினால் கிடைப்பது அந்த ஆண்டில் நீங்கள் அவருக்குக் கொடுத்த மொத்த அடிப்படைச் சம்பளம். எனவே ஆண்டில் கொடுத்த ஒவ்வொரு சம்பள ரூபாய்க்கும் ஒரே அளவு போனஸ் என்று வைத்தால் கணக்கு முடிந்துவிடும்.

உங்கள் பட்டியலில் முகாமையாளருக்கு 80,000 பன்னிரண்டு மாதம், ஆக 9,60,000. சமையற்காரருக்கு 7,20,000. வரவேற்புத் தம்பிக்கு ஆறு மாதம் 40,000, ஆறு மாதம் 50,000, மொத்தம் 5,40,000. அறை சுத்தம் செய்யும் அக்காவுக்கு 4,20,000. காவலாளிக்குப் பத்து மாதம், 3,60,000. உதவியாளுக்கு ஆறு மாதம், 2,40,000. எல்லாம் சேர்த்து 32,40,000 ரூபாய்.

இந்த ஆறு எண்களும் 60,000ஆல் மீதியின்றி வகுபடுகின்றன. அப்படி வகுத்தால் 16, 12, 9, 7, 6, 4 என்று வரும். கூட்டினால் 54. இரண்டரை இலட்சத்தை 54 பங்காக்கி முகாமையாளருக்கு 16, சமையற்காரருக்கு 12 என்று கொடுங்கள். ஒரு பங்கு 4,629 ரூபாய் 63 சதம். முகாமையாளருக்கு 74,074 ரூபாய், சமையற்காரருக்கு 55,556, தம்பிக்கு 41,667, அக்காவுக்கு 32,407, காவலாளிக்கு 27,778, உதவியாளுக்கு 18,519 வரும். ஒரு ரூபாய் முன்பின்னாகத் தெரிவது சதங்களை முழுமையாக்கியதால். மீதி என்ற ஒன்றே இந்த முறையில் எழாது.

போன முறை மீதி வந்ததற்குக் காரணம், மாதம் கணக்குக்குள் மிகத் தாமதமாக நுழைந்தது. ஆறு பேரின் இப்போதைய மாதச் சம்பளத்தையும் கூட்டினால் 3,01,000. அந்த விகிதத்தில் பிரிக்கும்போது ஆறு மாதமே இருந்த உதவியாளுக்கும் முழு ஆண்டு ஆள் போல 33,223 ரூபாய் ஒதுக்குகிறீர்கள். பிறகு அதைப் பாதியாக்கி 16,611 கொடுக்கிறீர்கள். காவலாளியின் 29,900இலிருந்து இரண்டு மாதத்துக்குரியதைக் கழிக்கிறீர்கள். கழித்தது இரண்டும் சேர்ந்து 21,595 ரூபாயாக மேசையில் நிற்கிறது. அந்தப் பணம் யாருடையது என்பதற்கு உங்கள் முறையில் பதில் இல்லை. அதனால் ஆளுக்கு 3,599 ரூபாய் என்று சமமாகப் பிரித்தீர்கள். சம்பளமும் மாதமும் பார்த்துப் பிரிக்கத் தொடங்கிய கணக்கு, கடைசி 21,595 ரூபாயில் இரண்டையும் பார்க்கவில்லை. அந்தப் பகுதியில் ஆறு மாத உதவியாளும் பன்னிரண்டு மாத முகாமையாளரும் ஒன்று.

மீதியை ஏற்கெனவே வந்த பங்குகளின் அதே விகிதத்தில் மறுபடி பிரித்திருந்தால் இந்தப் பிழை மறைந்திருக்கும். மீதியை விகிதப்படி பரப்புவதும் முதலிலேயே பெருக்கிப் பிரிப்பதும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும். ஒரே முறையில் முடிகிற வேலையை ஏன் இரண்டு முறை செய்ய வேண்டும் என்பதால்தான் முதலிலேயே பெருக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது பிழையை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். போன முறை எடுத்துக்கொண்டது பிரிக்கும் நாளில் இருந்த சம்பளத்தை. அதே வழக்கத்தில் இந்த ஆண்டு தம்பிக்கு 50,000 என்று போட்டால், அவர் ஜனவரியிலிருந்தே 50,000 வாங்கியது போல் ஆகிவிடும். உண்மையில் ஆறு மாதம் 40,000தான் வாங்கினார். பழைய முறையில் அவருக்கு 45,127 ரூபாய் வரும், சேர வேண்டியது 41,667. ஏறத்தாழ 3,460 ரூபாய் அதிகம். உதவியாளுக்கு அதிகமாகப் போவது 1,692, காவலாளிக்கு 738, அக்காவுக்கு 261. இவ்வளவும் முகாமையாளரிடமிருந்து 4,030, சமையற்காரரிடமிருந்து 2,123 என்று வருகிறது. சமையற்காரர் அடுப்படியில் தன்னுடன் நிற்கிற ஆளைத்தான் பார்த்தார், வரவேற்பு மேசையில் நடந்தது அவருக்குத் தெரிய வழியில்லை. நீங்களும் எவருக்கும் வேண்டுமென்று குறைக்கவில்லை. இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள், உதவியாளின் மேல் இருக்கிற மனத்தாங்கலாவது குறையும்.

கடைசிச் சம்பளத்தை எடுப்பது சட்டப்படி தவறு என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் அதுவே வழக்கம். ஆனால் அதனால் என்ன நடக்கும் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நான் இளவயதில் கணக்கு எழுதிய ஒரு கடையில் டிசம்பர் சம்பளத்தை வைத்து போனஸ் பிரிப்பார்கள். ஓர் ஆண்டு நவம்பரில் இரண்டு பேருக்குச் சம்பளம் உயர்ந்தது. இரண்டு மாத உயர்வு முழு ஆண்டு போனஸையும் தூக்கியது, மற்றவர்களின் பங்கு சுருங்கியது. யாருக்கு ஏன் உயர்ந்தது என்ற பேச்சு பொங்கல் வரை ஓயவில்லை. மாதாமாதம் கொடுத்ததைக் கூட்டி எடுத்தால் இரண்டு மாத உயர்வு இரண்டு மாத அளவுக்கே எண்ணப்படும்.

சிலர் இன்னொரு வழி சொல்வார்கள். பாதிப் பணத்தைச் சம்பள விகிதத்திலும் மறுபாதியை மாத விகிதத்திலும் பிரிப்பது அது. கேட்கும்போது சமநிலையாக இருக்கும். ஒரு சோதனை செய்து பாருங்கள். டிசம்பர் 31 அன்று 40,000 சம்பளத்தில் ஒருவரை நியமிக்கிறீர்கள், அவர் இன்னும் ஒரு நாளும் வேலை செய்யவில்லை என்று வையுங்கள். மாதப் பாதியில் அவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் சம்பளப் பாதியில் 14,000 ரூபாய்க்கு மேல் வந்துவிடும். ஒரு நாளும் வேலை செய்யாதவருக்குப் பணம் தருகிற முறை, வேலை செய்த காலத்துக்கு ஏற்பப் பிரிக்கிற முறையாக இருக்க முடியாது. பெருக்கும் முறையில் மாதம் பூச்சியமானால் பங்கும் பூச்சியம். அதே பாதிப்பாதி முறையில் உங்கள் உதவியாளுக்கு 28,330 ரூபாய் வரும், சேர வேண்டியது 18,519தான்.

எந்த முறையில் பிரித்தாலும் அது சரியா என்று அறிய ஒரே ஒரு சோதனை போதும். ஒவ்வொருவரின் போனஸையும் அவருடைய ஆண்டு அடிப்படைச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே எண் வர வேண்டும். உங்கள் கணக்கில் அந்த எண் ரூபாய்க்கு 7.716 சதம். பழைய முறையில் வகுத்தால் முகாமையாளருக்கு 7.30 சதம், சமையற்காரருக்கு 7.42, தம்பிக்கு 8.36, உதவியாளுக்கு 8.42 என்று ஆளுக்கொன்றாக நிற்கும். சமையற்காரர் பல மாதமாகச் சொல்ல முயன்றது இந்த எண்களைத்தான்.

அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டாமல் அந்த எண்ணை மட்டும் எழுதுங்கள் என்பது என் ஆலோசனை. இந்த ஆண்டில் பெற்ற ஒவ்வொரு அடிப்படைச் சம்பள ரூபாய்க்கும் 7.716 சதம் என்றால், தன் சம்பளச் சீட்டுகளைக் கூட்டத் தெரிந்த எவரும் தன் தொகையைத் தானே சரிபார்க்கலாம். மற்றவரின் சம்பளம் வெளியே வராது. சிறிய இடத்தில் அது முக்கியம். ஆண்டு முழுவதும் இருந்தவர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். 7.716 சதத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 92.6 சதம். அதாவது ஒரு மாதச் சம்பளத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 92.6 சதம் போனஸ். அக்காவின் 35,000க்கு அது 32,400 சொச்சம்.

சம்பளம் என்று எதைக் கூட்டுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நான் அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே எடுப்பேன். மேலதிக நேரக் கொடுப்பனவைச் சேர்த்தால், சீசனில் இரவு வரை நின்றவருக்கு அந்த உழைப்புக்கு இரண்டாவது முறை பணம் போகும். விருந்தினரிடம் வாங்கும் சேவைக் கட்டணத்தை ஊழியருக்குப் பிரித்துக் கொடுக்கிறீர்கள் என்றால் அதுவும் சேராது, அதன் வரவும் கணக்கும் வேறு. பயணப் படி, உணவுப் படி போன்றவையும் அப்படியே. நியமனக் கடிதத்தில் 'மொத்தச் சம்பளத்தில்' என்று எழுதியிருந்தால் மட்டும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். ஒருவருக்கு அடிப்படை, இன்னொருவருக்கு மொத்தம் என்று கலக்கக் கூடாது.

மாதத்தை எண்ணுவதில்தான் பெரும்பாலான சச்சரவு பிறக்கும். பதினைந்து நாளுக்கு மேல் வேலை செய்தால் முழு மாதம், குறைந்தால் ஒன்றுமில்லை என்பது பல இடங்களில் உள்ள விதி. எழுத எளிது, ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. காவலாளிக்கு ஒரு மாதத்தின் பெறுமதி 36,000க்கு 7.716 சதம், அதாவது 2,778 ரூபாய். ஒரு நாள் முன்னே வந்தாரா பின்னே வந்தாரா என்பதற்காக 2,778 ரூபாய் கூடவோ குறையவோ கூடாது. அவர் மார்ச் நடுவில் வந்து அந்த மாதத்துக்கு 18,000 வாங்கியிருந்தால், கொடுத்த தொகையைக் கூட்டும்போது 3,42,000 என்று அதுவே சரியாக விழும். பாதி மாதம் பாதியாகவே எண்ணப்படும், நீங்கள் தனி விதி எழுத வேண்டியதில்லை.

சம்பளமில்லா விடுமுறையும் இப்படியே தானாகக் கழிந்துவிடும். சம்பளத்துடன் கூடிய விடுமுறை கழியாது, கழியவும் கூடாது. அக்காவோ வேறு பெண் ஊழியரோ பிரசவ விடுமுறையில் இருந்தால் அந்தக் காலம் சம்பளம் பெற்ற காலம். அதை 'வேலை செய்யாத மாதம்' என்று வெட்டுகிற கடைகள் உண்டு. அது எனக்குப் பொறுக்காத செயல். சட்டம் தந்த விடுமுறையை போனஸ் என்ற பின்கதவால் பறிப்பதற்கு அது சமம்.

இந்தக் கூட்டலுக்கு வேண்டிய ஆவணம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் பணம் அனுப்பும்போது யார் அந்த மாதம் வேலையில் இருந்தார், எவ்வளவு சம்பாதித்தார் என்று எழுதி அனுப்புகிறீர்கள். பன்னிரண்டு மாதப் பட்டியலையும் அருகருகே வைத்துச் சம்பளப் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள். அந்தப் பட்டியலில் சில படிகளும் சேர்ந்திருக்கலாம், ஆகவே தொகையைச் சம்பளப் புத்தகத்தின் அடிப்படைச் சம்பளப் பத்தியிலிருந்து எடுங்கள். எந்த மாதம் வந்தார், எந்த மாதம் போனார் என்பதற்கு மட்டும் நிதிப் பட்டியலை நம்பலாம். நினைவிலிருந்து மாதம் எண்ணினால் ஒருவருக்காவது தவறும்.

இனி உண்மையான கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனால் சமையற்காரரின் குறை அங்கேதான் வேர் கொண்டிருக்கிறது. உதவியாள் செப்டம்பரோடு போய்விட்டார். டிசம்பரில் போனஸ் பிரிக்கும்போது அவர் பட்டியலில் இருக்க வேண்டுமா?

அவரை எடுத்துவிட்டால் மொத்தம் 30,00,000. இரண்டரை இலட்சம் அதில் சரியாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு. முகாமையாளருக்கு 80,000, சமையற்காரருக்கு 60,000, அக்காவுக்கு 35,000 என்று அவரவருக்குச் சரியாக ஒரு மாதச் சம்பளம் வரும். தம்பிக்கு 45,000, காவலாளிக்கு 30,000. அவரைச் சேர்த்தால் சமையற்காரருக்கு 60,000 இல்லை, 55,556. உதவியாளின் 18,519 ரூபாயும் மற்ற ஐவரின் பங்கிலிருந்து வருகிறது என்பது மறுக்க முடியாத உண்மை. ஒதுக்கிய தொகை மாறாதபோது ஓர் ஆள் கூடினால் எல்லோருக்கும் குறையும்.

இந்தியாவில் 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் 8.33 சதவீதம் என்ற குறைந்தபட்ச அளவை வைத்தது. அதுவும் இதே பன்னிரண்டில் ஒரு பங்குதான். இலங்கையில் தனியார் துறை முழுவதற்கும் பொதுவான அப்படி ஒரு சட்டம் கிடையாது. நியமனக் கடிதம், இருந்தால் கூட்டு உடன்படிக்கை, உங்கள் விடுதியின் வழமை, இவைதான் பேசும். ஆகவே உதவியாளைச் சேர்ப்பதா என்பது உங்கள் முடிவு. அவரிடம் வேலைக்கு எடுக்கும்போது போனஸ் உண்டு என்று சொல்லியிருந்தாலோ, முந்தைய சீசன் ஆட்களுக்குக் கொடுத்திருந்தாலோ, முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

என்னைக் கேட்டால் சேருங்கள் என்பேன். திருகோணமலையில் விடுதி நடத்துகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் அமைதியாக இருந்து அறைகள் நிரம்புவது ஏப்ரல், மே தொடங்கிச் செப்டம்பர் வரை. வடகீழ்ப் பருவக்காற்று வந்தபின் கடற்கரை வெறிச்சோடும். உங்கள் இரண்டரை இலட்சம் பெரும்பாலும் அந்த ஆறு மாதத்தில் உழைத்த பணம். அந்த ஆறு மாதமும் முழுதாக அடுப்படியில் நின்றவர் அவர். மழைக்கால மாதமும் சீசன் மாதமும் கணக்கில் ஒரே எடைதான் பெறுகின்றன, அந்த அளவில் கணக்கு ஏற்கெனவே நிரந்தர ஊழியரின் பக்கம் சாய்ந்தே இருக்கிறது. அடுத்த ஏப்ரலில் அதே ஆள் திரும்பி வர வேண்டும் என்று நீங்களும் நினைப்பீர்கள்.

எந்த முடிவாக இருந்தாலும் பிரிப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பங்குகளை எல்லாம் கணக்கிட்டபின் ஒருவரை நீக்கினால் அவருடைய பங்கு மறுபடி மீதியாக நிற்கும், போன முறை நடந்தது திரும்ப நடக்கும். சமையற்காரருக்கு ஒரு மாதச் சம்பளம் குறையாமல் கொடுக்க விரும்பினால் நேர்வழி ஒன்று உண்டு. ஒதுக்கிய தொகையை 2,70,000 ஆக்குங்கள். 32,40,000இல் அது சரியாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஐவருக்கும் மேலே சொன்ன தொகை அப்படியே வரும், உதவியாளுக்கு 20,000. இருபதாயிரம் உங்கள் கையில் இருந்தால் அந்த வாக்குவாதமே எழாது.

இரண்டரை இலட்சத்திலேயே நிற்பதானால், தொகைகளை நூறு ரூபாய்க்கு முழுமையாக்க விரும்புவீர்கள். அங்கும் கவனம் வேண்டும். அருகிலுள்ள நூறுக்கு ஒவ்வொன்றாக முழுமையாக்கினால் 74,100, 55,600, 41,700, 32,400, 27,800, 18,500 என்று வரும். கூட்டினால் 2,50,100. நூறு ரூபாய் கூடுதலாகப் போய்விட்டது. ஒரு பங்கின் விலையான 4,629 ரூபாய் 63 சதத்தை முதலிலேயே 4,600 ஆக்கினால் இன்னும் மோசம், 54 பங்கிலும் சேர்த்து 1,600 ரூபாய் மிஞ்சும். நடுவில் எதையும் முழுமையாக்காதீர்கள்.

கடைசியில் செய்ய வேண்டியது இது. எல்லோர் தொகையையும் முதலில் நூறுக்குக் கீழாக வெட்டுங்கள். 74,000, 55,500, 41,600, 32,400, 27,700, 18,500. இவற்றின் மொத்தம் 2,49,700, இன்னும் மூன்று நூறு ரூபாய்த் தாள் கையில் இருக்கிறது. வெட்டும்போது அதிகம் இழந்தவர் யார் என்று பாருங்கள். காவலாளி 77.78, முகாமையாளர் 74.07, தம்பி 66.67. மூவருக்கும் ஆளுக்கு நூறு. சமையற்காரர் 55.56 இழந்து நான்காவதாக நிற்கிறார், அவருக்கு 55,500தான். முகாமையாளர் 74,100, தம்பி 41,700, அக்கா 32,400, காவலாளி 27,800, உதவியாள் 18,500. கூட்டினால் இரண்டரை இலட்சம் சதம் பிசகாமல் வரும். ஏற்கெனவே குறை சொல்லிக்கொண்டிருக்கும் மனிதருக்கு அந்த 55 ரூபாயை உங்கள் கையிலிருந்து கூட்டிக் கொடுத்தாலும் தவறில்லை, ஆனால் அது போனஸ் கணக்குக்கு வெளியே இருக்கட்டும்.

எக்செல்லில் செய்வதானால் A பத்தியில் வேலையின் பெயர், B2 முதல் B7 வரை ஆண்டு அடிப்படைச் சம்பளம், F1இல் ஒதுக்கிய தொகை என்று வையுங்கள்.

```
C2: =$F$1*B2/SUM($B$2:$B$7)
D2: =ROUNDDOWN(C2,-2)
E2: =C2-D2
F2: =ROUND(($F$1-SUM(D2:D7))/100,0)
G2: =D2+IF(RANK(E2,$E$2:$E$7)<=$F$2,100,0)
```

C, D, E, G நான்கையும் ஏழாம் வரி வரை கீழே இழுங்கள், F2 ஒரே கட்டம் மட்டும். டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். SUM(B2:B7) என்று குறியில்லாமல் எழுதிக் கீழே இழுத்தால், அடுத்த வரியில் அது B3 முதல் B8 வரை கூட்டும். முதல் ஆளின் தொகை சரியாக இருக்கும், அதனால் சந்தேகம் வராது. கீழே போகப்போக வகுக்கும் எண் சுருங்கி, கடைசி வரியில் இருப்பவருக்கு முழு இரண்டரை இலட்சமும் வந்து நிற்கும். G பத்தியின் கூட்டல் F1உடன் பொருந்துகிறதா என்று பாருங்கள், அந்த ஒரு பார்வையில் இது பிடிபடும். இருவர் ஒரே சம்பளத்தில் ஒரே காலம் இருந்தால் அவர்களின் மீதிச் சதமும் ஒன்றாகவே இருக்கும். அப்போது RANK இருவருக்கும் ஒரே இடத்தைத் தந்து மொத்தத்தில் நூறு கூடலாம். அந்த நேரத்தில் இருவருக்கும் வெட்டிய தொகையைக் கொடுத்துவிட்டு, மிஞ்சும் நூறு ரூபாயை நிதியிலேயே வைத்துவிடுங்கள். ஒரே அளவு உழைத்த இருவரில் ஒருவருக்கு மட்டும் நூறு கூடப் போவதைவிட அது மேல்.

போனஸ் தொகைக்கு ஊழியர் சேமலாப நிதிக்கான 8, 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் கட்ட வேண்டியதில்லை. வருமான வரியைப் பொறுத்தவரை போனஸ் வேலைவாய்ப்பு வருமானமாகவே எண்ணப்படும். ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18,00,000 ரூபாய் வரை வரி இல்லை. உங்கள் முகாமையாளரின் சம்பளமும் போனஸும் சேர்ந்தே பத்தரை இலட்சத்தைத் தாண்டாது, எனவே எவரிடமும் பிடிக்க ஒன்றுமில்லை. கொடுக்கும்போது சம்பளச் சீட்டில் தனி வரியாக 'போனஸ்' என்று எழுதி, எந்த ஆண்டுக்குரியது என்றும் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். உதவியாளின் 18,500 ரூபாயை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, அவருக்கும் அதே சீட்டின் ஒரு பிரதியை அனுப்பிவிடுங்கள்.